60 ரூபாய் திராட்சை 78 ரூபாய் ஆவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கதை, அதுக்குள்ள ஒரு கணக்கு. வடபழனிப் பக்கம் ஒரு தெருமுனையில தள்ளுவண்டி. வண்டி முழுக்கப் பன்னீர் திராட்சை. "கிலோ நூறு"ன்னு அட்டையில எழுதித் தொங்குது. கோயம்பேட்டுல அதே திராட்சை அன்னைக்கு மொத்த விலையில கிலோ 60. ஒரு நாளைக்கு 40 கிலோ எடுக்கறாங்கன்னு வெச்சுக்குவோம். உடனே நம்ம மூளை கணக்குப் போட்டுடும்: கிலோவுக்கு 40 லாபம், 40 கிலோ, ஆக 1600 ரூபாய். "பரவாயில்லையே, மாசத்துக்கு நாற்பத்தெட்டாயிரம்! நம்ம ஃப்ரெஷர் சம்பளத்தைவிட அதிகம்!"

இந்த 1600 எங்கே தப்பாகுதுன்னு பார்க்கறதுதான் இன்னைக்கு வேலை. வண்டிக்காரம்மாவுக்கு செல்வி அக்கான்னு பேர் வெச்சுக்கலாம். அவங்க நான் கற்பனை பண்ண ஆள். விலைகளும் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டதுதான், சந்தை விலை தினம் மாறும். ஆனா கணக்கு ஓடுற விதம் நிஜம்.

விடியறதுக்கு முன்னாடி

செல்வி அக்கா மூணரைக்கெல்லாம் கோயம்பேட்டில் இருப்பார். பன்னீர் திராட்சை வருவது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல லாரியில ராத்திரி முழுக்கக் குலுங்கித்தான் சென்னைக்கு வருது. அதனால செல்வி அக்கா வாங்குற நேரத்திலேயே அந்தப் பழத்தோட ஆயுசுல ஒரு பகுதி முடிஞ்சுபோச்சு.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். மாம்பழம், வாழைப்பழம், கொய்யா இதெல்லாம் பறிச்ச பிறகும் பழுக்கும். காயா வாங்கி ரெண்டு நாள் வெச்சா விலை கூடவும் வாய்ப்பு இருக்கு. திராட்சை அப்படியில்லை. கொடியிலிருந்து வெட்டின நிமிஷத்தோட பழுக்கறது நின்னுடும். அதுக்கப்புறம் அது போற திசை ஒண்ணே ஒண்ணுதான்: காம்பு காயும், பழம் உதிரும், ஈரம் பட்ட இடத்துல பூஞ்சை பிடிக்கும். வெச்சிருந்தா நஷ்டம் மட்டும்தான்.

அதனால அவர் பேரத்தை விடக் கிரேட்டைப் பார்க்கறதுலதான் நேரம் செலவு பண்ணுவார். மேல் அடுக்கு எப்பவும் அழகாத்தான் இருக்கும். அவர் கிரேட்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்ப்பார். அடி பிசுபிசுன்னு ஈரமா இருந்தா கீழே பழம் நசுங்கி சாறு இறங்கியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒரு கொத்தை எடுத்து லேசா உதறுவார். நாலஞ்சு பழம் உதிர்ந்தா அந்தக் கிரேட் வேண்டாம். காம்பு பச்சையா இருக்கணும், பழுப்பா இருந்தா வெட்டி நேரமாச்சு. பழத்து மேல சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல் இருக்கும். நாம அதை மருந்துன்னு நினைச்சுப் பயப்படுவோம். அது பழத்தோட இயற்கையான மெழுகு. அது கலையாம இருந்தா அதிகம் கை படாத பழம்.

இப்படிப் பார்த்து ரெண்டு கிரேட் எடுத்தார். ஒவ்வொன்றிலும் 20 கிலோ. மொத்தம் 2400 ரூபாய். தூக்கிவிட்டவருக்குக் கூலி 40. நாலு பேர் சேர்ந்து பிடிச்ச லோடு ஆட்டோவில் இவர் பங்கு 160. ஆக, திராட்சை வண்டிக்கு வந்து சேர்ந்தப்போ 2600 ரூபாய். கிலோ 60 இப்பவே 65 ஆயிடுச்சு.

இதோட காகிதக் கவர் 60 ரூபாய். வண்டி வாடகை 80 ரூபாய், அது ராத்திரி வண்டியை விடும்போது கொடுக்கணும். அன்னைக்கு மொத்தச் செலவு 2740.

40 கிலோ வாங்கினா 40 கிலோ விக்க முடியாது

காலை ஒன்பது மணிக்கு வண்டியில் அடுக்க ஆரம்பிக்கும்போதே பிரிவினை நடக்கும். நசுங்கினது, பூஞ்சை பிடிச்சது 2 கிலோ. அது நேரா குப்பைக்கு. கொத்தா இருக்கறதுதான் நூறு ரூபாய்க்குப் போகும். உதிரி தனிக் கூடைக்கு. நாள் முழுக்க ஆளாளுக்குக் கொத்தைத் தூக்கிப் பார்த்து வைக்கும்போது உதிரிக் கூடை நிறைஞ்சுக்கிட்டே போகும். சாயங்காலத்துக்குள்ள 4 கிலோ. அதைப் பக்கத்து ஜூஸ் கடை கிலோ 40-க்கு எடுத்துக்கும், 160 ரூபாய்.

இன்னும் ஒரு கிலோ எங்கே போச்சுன்னே தெரியாது. ஒரு பங்கு வெயில்ல ஆவியா போச்சு, திராட்சையில தண்ணிதான் அதிகம். இன்னொரு பங்கு கொசுறு. அரை கிலோ நிறுத்தப்புறம் "இன்னும் ரெண்டு போடுங்கக்கா"ன்னு நாம கேட்கறோமே, அது. ஒரு தடவைக்கு 10, 15 கிராம்தான். ஐம்பது, அறுபது பேர் கேட்டா முக்கால் கிலோ.

"அப்போ மதியம் தண்ணி தெளிச்சு வெச்சா வாடாதே?"ன்னு கேட்கலாம். பளபளன்னு தெரியும், உண்மைதான். ஆனா கொத்துக்கு நடுவுல தேங்கற அந்த ஈரத்துலதான் பூஞ்சை வளரும். இன்னைக்கு அழகு, நாளைக்குக் குப்பை. செல்வி அக்கா பழத்துல தண்ணி தெளிக்க மாட்டார். வெயில் படாம மேலே ஈரச் சாக்கை விரிச்சுக் கட்டுவார், சாக்கு பழத்தைத் தொடாம.

சரி, இப்போ கணக்கு. 40 கிலோவில் குப்பை 2, உதிரி 4, காணாமப் போனது 1. மிச்சம் நல்ல கொத்து 33 கிலோ. அன்னைக்கு ஆன 2740 செலவுல உதிரி கொடுத்த 160-ஐக் கழிச்சா 2580. இந்த 2580-ஐயும் அந்த 33 கிலோதான் சுமக்கணும். வகுத்துப் பாருங்க: கிலோவுக்கு 78 ரூபாய் சொச்சம்.

இந்த எபிசோட்ல ஒரே ஒரு எண் ஞாபகம் வெச்சுக்கணும்னா இந்த 78-ஐ வெச்சுக்கோங்க. நாம "வாங்கின விலை 60, நூறுக்கு விக்கறாங்க, எண்பதுக்குக் கேட்டா இருபது லாபம் வருமே"ன்னு பேரம் பேசறோம். அவங்களுக்கு அந்த எண்பதுல நிக்கறது ரெண்டு ரூபாய்கூட இல்லை. நூறுல விக்கும்போது 22 நின்னுச்சு. நாம குறைச்சது விலையில அஞ்சுல ஒரு பங்கு, அவங்க லாபத்துல குறைஞ்சது பத்துல ஒன்பது பங்குக்கும் மேல.

இன்னொண்ணும் கவனிங்க. வண்டி வாடகை 80-ஐப் பத்தி எல்லாரும் புலம்புவாங்க. ஏன்னா அதைத் தினம் ராத்திரி கையால எடுத்துக் கொடுக்கணும், வலிக்கும். ஆனா அந்த 7 கிலோவும் நல்ல கொத்தா நூறு ரூபாய்க்குப் போயிருந்தா 700 வந்திருக்கும். வந்தது 160. வித்தியாசம் 540. இதை யாரும் வந்து கையை நீட்டி வாங்கறதில்லை, அதனால கண்ணுக்குத் தெரியறதில்லை. விடியற்காலையில கிரேட் அடியைத் தடவிப் பார்க்க அவர் செலவு பண்ற அரை மணி நேரம் இந்த 540-ஐக் குறைக்கத்தான்.

ராத்திரி எட்டே முக்கால்

நூறு ரூபாய் விலையில் 22 கிலோ போச்சு, 2200. ஆபீஸ் விட்டு வந்த கூட்டம் பேரம் பேசினதில் 80-க்கு 7 கிலோ, 560. உதிரி 160. சுருக்குப் பையில் மொத்தம் 2920 ரூபாய். வண்டியில் இன்னும் 4 கிலோ கொத்து. காம்பு பழுப்பாக ஆரம்பிச்சிருக்கு.

அப்போது பொண்ணு போன் பண்ணாள். "அம்மா, டைப்ரைட்டிங் கிளாஸ் ஃபீஸ் நாளைக்குக் காலைல கட்டணும். நானூறு ரூபா. மறந்துடாத."

பையில் 2920 இருக்கும்போது 400 ஒரு விஷயமா? நம்ம கண்ணுக்கு இல்லை. செல்வி அக்கா மனசுக்குள் வேறு மாதிரி எண்ணினார். இதுல 80 வண்டிக்காரருக்கு. நாளைக்கு இதே மாதிரி ரெண்டு கிரேட் எடுக்க, ஆட்டோவுக்கு, கூலிக்கு, கவருக்கு 2660 வேணும். அது முதல், தொடக் கூடாது. கழிச்சா மிச்சம் 180.

பொண்ணுக்கு 220 குறையுது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு மெஸ்காரர் வண்டி பக்கம் வந்தார். "மிச்சம் எவ்வளவும்மா இருக்கு? கிலோ அறுபதுன்னு போடுங்க, மொத்தத்தையும் எடுத்துக்கறேன்."

"வாங்கினதே அறுபதுண்ணே. ஆட்டோ, கூலி எல்லாம் சேர்த்து அறுபத்தஞ்சு விழுந்திருக்கு. அறுபதுக்குக் குடுத்தா எனக்கு என்ன நிக்கும்?"

"யோசிச்சுச் சொல்லுங்க. டீ குடிச்சுட்டு வர்றேன்."

இந்த இடத்தில் நாமும் யோசிப்போம். 65-க்கு விழுந்த பொருளை 60-க்குக் கொடுத்தா நஷ்டமா?

65 ரூபாய் காலையிலேயே போயாச்சு. இந்த 4 கிலோவை வித்தாலும் விக்காட்டாலும் அது திரும்ப வராது. அதனால இப்போ கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவுக்கு வாங்கினேன்?" இல்லை. "இதை நாளைக்கு வெச்சிருந்தா எவ்வளவு தேறும்?" அதுதான் கேள்வி.

அவருக்கு அனுபவத்தில் தெரியும். ராத்திரி தாண்டினா இந்த 4 கிலோவில் ஒண்ணு குப்பைக்குப் போகும். ஒண்ணு உதிரியாகி 40-க்குப் போகும். மிச்சம் ரெண்டு கிலோவை 80-க்குத் தள்ளலாம். மொத்தம் 200. நாலால வகுத்தா கிலோ 50 ரூபாய். ஆக, இன்னைக்கு ராத்திரி அவரோட கடைசி விலை 65 இல்லை, 50. அதுக்கு மேல யார் என்ன கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். மெஸ்காரர் சொன்ன விலைக்கு 240 வரும்.

மெஸ்காரர் திரும்பி வந்தார். "அறுபத்தஞ்சு குடுங்கண்ணே" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அவர் தலையாட்டி மறுத்தார். செல்வி அக்கா 60-க்கே நிறுத்துக் கொடுத்தார். கொசுறு போடவில்லை.

180-உம் 240-உம் 420. பொண்ணுக்கு 400 எடுத்து வெச்சது போக 20 ரூபாய் மிச்சம். அவர் அன்றைக்குச் சம்பாதித்தது மொத்தமே அந்த 420 தான். சந்தையில் ரெண்டு மணி நேரம், வண்டியில் பன்னிரண்டு மணி நேரம், மொத்தம் பதினாலு. மணிக்கு 30 ரூபாய். நாம ஆரம்பத்துல போட்ட 1600 எங்கே, இது எங்கே?

அந்த 420 எங்கிருந்து வந்ததுன்னும் பாருங்க. நூறுல வித்த 22 கிலோ, எண்பதுல வித்ததுல கிட்டத்தட்ட முதல் 5 கிலோ, உதிரிக் காசு, இது எல்லாம் மண்டிக்கும் ஆட்டோவுக்கும் வண்டி வாடகைக்கும் கவருக்கும் போச்சு. அதாவது 27 கிலோ வித்து முடிக்கிற வரைக்கும் அவங்க மத்தவங்களுக்காகத்தான் நிக்கறாங்க. அவங்க வீட்டுக்குன்னு வித்தது கடைசி ஆறு கிலோ. பகல்ல நல்லா ஓடின வியாபாரம் ராத்திரி ஏழு மணிக்கு மேல தூங்கிடுச்சுன்னா அடி விழறது நேரா அந்த ஆறு கிலோ மேலதான்.

இந்த "நாளைக்கு எவ்வளவு தேறும்" விதிக்கு ரெண்டு எல்லை இருக்கு. ஆப்பிள், சாத்துக்குடி மாதிரி நாலு நாள் தாங்கற பழத்துக்கு இது இவ்வளவு அவசரமா பொருந்தாது, அங்கே நாளைய விலையும் கிட்டத்தட்ட இன்னைய விலைதான். ரெண்டாவது, தினம் எட்டரைக்கு அறுபதுன்னு பழக்கிட்டா, ஆறு மணிக்கு நூறு கொடுக்க வேண்டியவங்க எட்டரை வரைக்கும் காத்திருக்கப் பழகிடுவாங்க. செல்வி அக்கா அதைத் தெருவில் கூவாமல், மொத்தமாக எடுக்கும் ஒருவரிடம் கொடுத்ததன் காரணம் அதுதான்.

மழை பெஞ்சா

இதுவரை பார்த்தது சாதாரண நாள். இப்போ அதே 40 கிலோ, நாலு மணிக்கு மழை. நூறு ரூபாய்க்கு 14 கிலோ மட்டும் போச்சு, 1400. உதிரி 5 கிலோ, 200. பையில் 1600. மழை பெஞ்சதுன்னு வண்டி வாடகையில் தள்ளுபடி கிடையாது, 80 போச்சு. மிச்சம் 1520. நாளைக்குத் தேவையான முதல் 2660. 1140 குறையுது. வண்டியில் நனைஞ்ச திராட்சை 18 கிலோ இருக்கு, அதில் பாதி தேறினாலே பெரிசு.

அவருக்கு ரெண்டு வழி. ஒண்ணு, நாளைக்கு ஒரே ஒரு கிரேட் எடுத்து, தேறின பழைய பழத்தோட சமாளிக்கலாம். வருமானம் குறையும். அதுவும் பாதி காலியான வண்டியைப் பார்த்தா "எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போன மிச்சம்"னு நாமளே தாண்டிப் போயிடுவோம். இன்னொண்ணு, 1140-ஐ தினவட்டிக்கு வாங்கி வண்டியை நிரப்பலாம்.

தினவட்டி எவ்வளவு இருக்கும்? செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷாஃபிரும் 2013-ல் எழுதிய 'ஸ்கேர்சிட்டி' புத்தகத்தில் கோயம்பேடு வியாபாரிகள் வர்றாங்க. அங்கே சொல்லப்படற வட்டி சராசரியா நாளைக்கு 5 சதவீதம். வருஷத்துக்கு இல்லை, நாளைக்கு. 1140-க்கு 5 சதவீதம்னா 57 ரூபாய். ஒரு நாளைக்குப் பார்த்தா வண்டி வாடகையைவிடக் குறைவாத்தான் தெரியும். ஆனா அசலைத் தொடாம வட்டி மட்டும் கட்டிக்கிட்டு வந்தா இருபதாவது நாள் வட்டியாவே 1140 கட்டியிருப்பீங்க. கடன் அப்பவும் அதே 1140. தமிழ்நாட்டுல அநியாய வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தாச்சு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி எல்லாம் அதுல பேர் சொல்லியே இருக்கு. ஆனா விடிகாலை மூணு மணிக்குக் கையில காசு கொடுக்கற ஆள் யாருங்கறதுதான் அங்கே கேள்வி.

"அப்போ யாராவது அந்தக் கடனை மொத்தமா அடைச்சுவிட்டா சரியாயிடுமே?" அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க. டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூணு பேரும் சென்னையிலயும் பிலிப்பைன்ஸ்லயும் சில வியாபாரிகளோட வட்டிக்கடனை முழுசா அடைச்சு, பணத்தைக் கையாள ஒரு சின்னப் பயிற்சியும் கொடுத்தாங்க. 2019-ல் வெளியான அந்த ஆய்வோட முடிவு: பெரும்பாலானவங்க மறுபடியும் கடனுக்குள்ளேயே போனாங்க.

செல்வி அக்காவோட கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு யோசிச்சா எனக்கு இது ஆச்சரியமா தெரியலை. ஒரு நல்ல நாள்ல வீட்டுக்கு வர்றது 420. அதுல மிச்சம் பிடிச்சது 20. ஒரு மழை நாள்ல முதல்ல விழற ஓட்டை 1140. அந்த 20, 20-ஆ சேர்த்தா அந்த ஓட்டையை அடைக்க 57 நாள் ஆகும். அந்த 57 நாளும் மழையில்லாம, காய்ச்சல் இல்லாம, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி யாரும் வராம இருக்கணும். கடனை அடைச்சா அன்னைய கடன் போகும். அடுத்த மழைக்குன்னு தனியா ஒரு 1200 ரூபாய் இருந்தாத்தான் அடுத்த கடன் வராது.

இதனாலதான் செல்வி அக்கா இடுப்பில் ரெண்டு சுருக்குப் பை வெச்சிருப்பார். ஒண்ணில் முதல், இன்னொண்ணில் வீட்டுக் காசு. அன்றைக்கு ராத்திரி வண்டியை விட்டு 80 ரூபாயைக் கொடுத்த பிறகு, 2660-ஐ எண்ணி முதல் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். இன்னொரு பையில் பொண்ணோட நானூறும் ஒரு இருபது ரூபாய் நோட்டும். மணி ஒன்பதரை. மூணரைக்கு மறுபடியும் கோயம்பேட்டில் நிற்கணும்.